உறவுக்குத் தக்க துக்கம்: சுல்பீசியுஸின் இரங்கல் மடலைத் தமிழாக்குவது பற்றி

கி.மு. 45 மார்ச் மாத நடுவில் சேர்வியுஸ் சுல்பீசியுஸ் ரூஃபுஸ், மகள் துல்லியாவை இழந்த சிசெரோவுக்கு ஏதென்சிலிருந்து எழுதிய மடலைப் பற்றி ஆய்வுலகில் நெடுநாளாக ஒரு தீர்ப்பு நிலவுகிறது. நடை செம்மையானது, வாதம் உறுதியானது, ஆனால் நெஞ்சில் ஈரமில்லை என்பதே அது. இத்தீர்ப்பிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் அறிவுரையும் பிறந்திருக்கிறது: இக்கால வாசகருக்கு இம்மடல் உண்மையான இரங்கலாகத் தோன்ற வேண்டுமானால், மூலத்தில் குறைவாக உள்ள உணர்ச்சியைப் பெயர்ப்பில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தமிழாக்கத்தைப் பொறுத்தவரை இந்த அறிவுரை தவறானது என்பது என் கருத்து. மடலில் ஈரம் இருக்கிறது. ஐரோப்பிய வாசகர் அதைத் தேடிய இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். தமிழ்த் துக்க முறைகளை அறிந்தவர் அதை முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்ள முடியும்.

சிக்கல் தொடங்குவதும் அந்த முதல் வாக்கியத்தில்தான். துல்லியாவின் மறைவுச் செய்தி கிடைத்ததும், தான் எவ்வளவு வருந்தக் கடமைப்பட்டவரோ அவ்வளவு வருந்தியதாக சுல்பீசியுஸ் எழுதுகிறார். ‘கடமைப்பட்ட அளவு’ என்பதே குற்றச்சாட்டின் முதற்சான்று. கடன் தீர்ப்பதுபோல் ஒருவர் துக்கப்படலாமா என்று கேட்கிறார்கள். தமிழிலும் இந்தப் பொறி இருக்கிறது. ‘கடமைக்குச் செய்தான்’ என்றால் மனமின்றிச் செய்தான் என்றே பொருள். ஆகவே அகராதிப்படி பெயர்த்தால் மடல் முதல் வரியிலேயே செத்துவிடும். அதற்கு அஞ்சி, ‘சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்தேன்’ என்று மாற்றினால் வேறொரு கேடு நேர்கிறது. சுல்பீசியுஸ் சொல்வது ஓர் அளவு. அந்த அளவுகோல் அவருக்கும் சிசெரோவுக்கும் இடையிலான உறவு. இருவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர். இளமையில் ஒன்றாகப் பயின்று, ரோட்ஸ் தீவுக்கும் சேர்ந்து சென்றவர்கள். அந்த உறவு எவ்வளவு துக்கத்தைக் கேட்குமோ அவ்வளவும் தனக்கு உண்டாயிற்று என்பதே வாக்கியத்தின் கருத்து. ‘நமக்குள்ள உறவுக்குத் தக்கபடி வருந்தினேன்’ என்றால் அளவும் நிற்கிறது, கடனும் நிற்கிறது, பொறியிலும் விழவில்லை.

தமிழ்நாட்டில் துக்கம் கேட்கப் போவது ஒரு முறை. யார் எப்போது போக வேண்டும், யார் கோடி போட வேண்டும், யார் பதினாறாம் நாள் வரை இருக்க வேண்டும் என்பதை உறவே தீர்மானிக்கிறது. முறை என்பதால் அந்தத் துக்கம் பொய்யாகிவிடுவதில்லை. வர வேண்டியவர் வராமல் போனால்தான் மனம் முறிகிறது. வந்தவர் எவ்வளவு அழுதார் என்று யாரும் அளப்பதில்லை. ரோமானியரின் கடமை உணர்வும் நம் முறையும் ஒன்றே என்று சொல்லுமளவுக்கு நான் போகவில்லை. ஆனால் துக்கத்தின் மெய்ம்மைக்கு உறவின் கடப்பாட்டைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் இரண்டு இடத்திலும் உண்டு. இந்த வாக்கியத்தைப் பெயர்க்க அது போதும்.

அடுத்த இரு தொடர்களும் என் வாசிப்பை உறுதிப்படுத்துகின்றன. இந்த இழப்பைப் பொதுவான பேரிழப்பாகக் கருதியதாக சுல்பீசியுஸ் சொல்கிறார். தான் அங்கே இருந்திருந்தால் உடன் நின்று, நேருக்கு நேர் தன் துயரைக் காட்டியிருப்பேன் என்றும் சேர்க்கிறார். முதல் தொடரைப் பெயர்க்கத் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. இலத்தீனில் இல்லாத வேறுபாடு ஒன்றை நாம் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்கிறோம்: ‘எங்களுக்கு’ என்றால் கேட்பவர் வெளியே, ‘நமக்கு’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘எங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற அலுவலக வாய்பாடு ஏன் வறண்டு ஒலிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என நினைக்கிறேன். அதில் இரங்குவோர் ஒரு பக்கம், இழந்தவர் மறுபக்கம். சுல்பீசியுஸ் சொல்வது ‘நமக்கு நேர்ந்தது’. இந்த ஒரு சொல்லைச் சரியாக இட்டால், கூடுதலாக எந்த உணர்ச்சிச் சொல்லும் தேவைப்படாது. இரண்டாவது தொடர், மடல் எதற்கு ஈடாக வந்தது என்பதைக் காட்டுகிறது. அவர் அப்போது கிரேக்கத்தில் அக்காயா மாகாணத்தின் ஆளுநர், வர இயலவில்லை. துக்கத்துக்கு வர முடியாதவர் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பிற பேச வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

மடலின் நடுப்பகுதிதான் பெருஞ்சர்ச்சைக்கு இடம். நாடு, பதவி, மதிப்பு எல்லாம் பறிபோன காலத்தில் ஒரு தனி இழப்புக்கு ஏன் இவ்வளவு கலங்குகிறாய் என்று சுல்பீசியுஸ் கேட்கிறார். பிறகு தான் ஆசியாவிலிருந்து திரும்புகையில் கண்டதைச் சொல்கிறார். பின்னே ஏஜினா, முன்னே மெகாரா, வலப்புறம் பிரேயஸ், இடப்புறம் கொரிந்து. ஒருகாலத்தில் செழித்த இந்த ஊர்களெல்லாம் இன்று பிணங்களாகக் கிடக்கின்றன. இது அலங்காரத்துக்காகச் சொன்னதல்ல. கொரிந்தை கி.மு. 146-இல் ரோமானியர் தரைமட்டமாக்கினர். பிரேயஸ் துறைமுகத்தை கி.மு. 86-இல் சுல்லா எரித்தார். இத்தனை ஊர்கள் அழிந்திருக்க, ஒரு சிறு பெண்ணின் சிற்றுயிர் போனதற்கா இவ்வளவு கலக்கம் என்கிறது வாதம்.

அங்கே வரும் இரு சொற்கள், முலியெர்குலா, அனிமுலா, இரண்டும் குறுமை விகுதி பெற்றவை. பெண், உயிர் என்பவற்றைச் சிறிதாக்கிச் சொல்பவை. மகளை இழந்தவரிடம் அவளை அற்பமாக்கிப் பேசுகிறார் என்று பலர் இங்கே கசந்திருக்கிறார்கள். முலியெர்குலா என்ற சொல்லில் இளப்பம் கலந்த வழக்கும் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் குறுமை விகுதி இலத்தீனில் பரிவையும் செல்லத்தையும் சுமக்கும். சிசெரோவே தன் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதும் மடல்களில் மகளைத் துல்லியோலா என்கிறார். இங்கே எது மேலோங்குகிறது என்பதை இலக்கணம் தீர்மானிக்காது, சூழல்தான் தீர்மானிக்கும். மாநகரங்களின் பிணங்களுக்கு அருகில் வைக்கும்போது எந்த மனித உயிரும் சிறியதே. சற்று முன்தான் அவர் மனிதர் எல்லாரையும் சேர்த்து, தன்னையும் உட்படுத்தி, அதே குறுமை விகுதியோடு பேசியிருக்கிறார். ஆகவே ‘அற்பப் பெண்ணொருத்தி’ என்பது பிழையான பெயர்ப்பு. ‘ஒரு சின்னப் பெண்ணின் இத்தனூண்டு உயிர்’ என்றால் சிறுமையும் பரிவும் சேர்ந்து நிற்கும். ‘இத்தனூண்டு’ பேச்சு வழக்குதான். துக்க வீட்டுப் பேச்சே பேச்சு வழக்கில்தான் நடக்கிறது.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் ஆசை எழும். துல்லியா கி.மு. 45 ஜனவரியில் ஒரு மகனைப் பெற்று, அடுத்த மாதம் இறந்தவர். வயது முப்பதைச் சற்றுக் கடந்திருந்தது. ‘பச்சை உடம்புக்காரி’ என்ற சொல் தமிழ் வாசகரை உடனே உருக்கும். ஆனால் சுல்பீசியுஸ் பிரசவத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அதைச் சேர்த்தால் அழுவது மொழிபெயர்ப்பாளர், சுல்பீசியுஸ் அல்ல. வாசகரின் வழக்கத்துக்கேற்ப அமைப்பதன் எல்லை இதுதான்: சொல்லும் முறையை மாற்றலாம், சொல்லாத செய்தியைச் சேர்க்கலாகாது. அதேபோல், அவளுக்கு இனி வாழ என்ன இருந்தது என்று மடலில் சுல்பீசியுஸ் கேட்கும் கேள்வி தமிழ்க் காதுக்குக் கொடுமையாகவே ஒலிக்கும். அதையும் மழுப்பாமல் பெயர்க்க வேண்டும்.

அந்தக் கொடுமையைத் தாங்க வைப்பது விளிப்பு. ‘நீ’யா ‘நீங்கள்’ஆ? இலத்தீன் இந்தத் தேர்வைக் கேட்பதில்லை, தமிழ் கேட்காமல் விடுவதில்லை. முன்னாள் கான்சல்கள் இருவர் என்பதால் ‘நீங்கள்’ பொருந்தும் எனத் தோன்றலாம். ஆனால் பிறருக்குப் புத்தி சொன்ன நீயே இப்படி இருந்தால் எப்படி என்று மடலின் பிற்பகுதியில் வரும் கண்டிப்பை ‘நீங்கள்’ என்று சொன்னால் அது அதிகாரியின் அறிவுரையாகிவிடும். துக்க வீட்டில் இந்தக் கண்டிப்பைச் சொல்லும் உரிமை கூடப் படித்தவனுக்கும் உடன்பிறந்தவனுக்கும் உண்டு. அவர்கள் ‘நீ’ என்றுதான் சொல்வார்கள். காலம்தான் ஆற்ற வேண்டும் என்பதும், போனவளே நீ இப்படி வாடுவதைப் பொறுக்க மாட்டாள் என்பதும் சுல்பீசியுஸ் எழுதியவையே. இவற்றுக்குத் தமிழில் நிகர் தேட வேண்டியதில்லை. நம்மவர் சொல்லும்போது இருக்கும் வரிசையில் வைத்தால் போதும்.

முடிவு வணக்கம் தனிக் கவனம் கேட்கிறது. இலத்தீன் மடல்கள் வழக்கமாக ‘வாலே’ என்று முடியும். அதை ‘வாழ்க நலமுடன்’ என்று பெயர்ப்பது பிற மடல்களுக்குச் சரி. துக்க வீட்டிலிருந்து ‘போய் வருகிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் கிளம்பும் நம் வாசகருக்கு அங்கே வாழ்த்து உறுத்தும். சொல்லின் வேர்ப்பொருள் உடல்நலத்தோடு வலிமையாக இரு என்பதே. ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்பது பொருளுக்கும் பொருந்தும், வழக்கத்துக்கும் பொருந்தும்.

இம்மடல் வெளியீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பயிற்சி நடை என்று சொல்வோர் உண்டு. அதற்கு விரிவான மறுப்பு தேவையில்லை. இதைப் பெற்றவர் ஒரு மாதத்துக்குப்பின் எழுதிய பதில் நம்மிடம் இருக்கிறது. வாதங்களெல்லாம் ஆறுதல் நூல்களின் பொதுச்சரக்கு என்ற ஆட்சேபமும் இங்கே செல்லாது. துக்கத்தில் புதிய கருத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

என் வாசிப்புக்கு வலுவான சான்று அந்தப் பதில்தான். நீ அருகில் இருந்திருக்கலாகாதா என்பதே சிசெரோவின் முதல் ஏக்கம். ஆறுதல் சொல்லியும், ஏறக்குறைய தனக்கு நிகராக வருந்தியும் சுல்பீசியுஸ் எவ்வளவு உதவியிருப்பார் என்பதை, மடலைப் படித்தபோது கிடைத்த அமைதியிலிருந்தே உணர்ந்ததாகச் சொல்கிறார். சுல்பீசியுஸின் மகன் உடனிருந்து செய்யவேண்டியதெல்லாம் செய்ததையும் குறிப்பிடுகிறார். வாதத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. மகன்களை இழந்த முன்னோர்க்குப் பொதுவாழ்வு ஆறுதலாக இருந்தது, தனக்கோ குடியரசு போனபின் எஞ்சியிருந்த ஆறுதல் துல்லியாதான் என்று மறுக்கிறார். ஆக, முதல் வாசகர் வாதத்தைத் தள்ளிவிட்டு மடலை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவரைத் தொட்டவை உடன்துக்கமும் வர இயலாத வருத்தமும்.

அம்மடலைச் சூடேற்ற முனைந்தவர்கள் உழைப்பைச் செலவிட்டது பெரும்பாலும் நடுவிலுள்ள வாதத்தில். உழைக்க வேண்டிய இடங்கள் முதல் மூன்று தொடர்களும், விளிப்பும், முடிவு வணக்கமும். இன்று ஆங்கிலத்தில் வரும் ஓர் இரங்கல் செய்தியைத் தமிழாக்குபவருக்கும் இதுவே பொருந்தும் என்று துணிந்து சொல்வேன். யார் யாருக்கு எந்த உறவில் எழுதுகிறார், ஏன் நேரில் வரவில்லை, ‘எங்கள்’ என்கிறாரா ‘நம்’ என்கிறாரா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். இவை சரியானால் மீதி வாக்கியங்களை மூலத்தின் போக்கிலேயே விட்டுவிடலாம். இவை தவறினால் எத்தனை அடைமொழி சேர்த்தாலும் அந்தச் செய்தி வாசலைத் தாண்டி உள்ளே போகாது.