பதிப்புரிமை அச்சகத்துக்கா, எழுதியவருக்கா?

தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1974-இல் தம் சிறுகதைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1990 மார்ச் மாதம் அவர் காலமாகிவிட்டார். இப்போது அவருடைய பிள்ளைகள் அதை மறுபடியும் அச்சிட விரும்புகிறார்கள். ஆனால், "பதிப்புரிமை அச்சிட்டவர்களிடம் இருக்குமே, அந்த அச்சகமே இப்போது இல்லையே" என்று தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். 'பதிப்புரிமை' என்றதும் பதிப்பித்தவரின் உரிமை என்றே காதில் விழுகிறது. மலாயில் இதை 'ஹக் சிப்தா' என்கிறார்கள். அதாவது படைத்தவரின் உரிமை. சட்டத்தின் நிலையும் அதுதான். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதியவருக்கே உரிமை முதலில் சேரும். அதை அவர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அது எழுத்தில் இருக்க வேண்டும். அச்சுக்கூலி கொடுத்துப் புத்தகம் போட்டதனால் மட்டும் உரிமை அச்சகத்துக்குப் போய்விடாது.

ஆசிரியர் அப்படி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், அவர் விட்டுச்சென்ற மற்ற சொத்துகளைப் போலவே இதுவும் வாரிசுகளுக்கு வரும். எத்தனை காலத்துக்கு? மலேசியாவில் எழுத்து, இசை, ஓவியப் படைப்புகளுக்கு, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும்.   ஆகவே நம் ஆசிரியரின் கணக்கு 2040-இல் முடிகிறது. அதுவரை பிள்ளைகளின் அனுமதியின்றி யாரும் அக்கதைகளை அச்சிடக் கூடாது. சிங்கப்பூரில் இந்தக் காலம் இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள், இந்தியாவில் 60.

பக்கங்களின் அச்சுக்கோப்பு அமைப்புக்கும் தனியே ஓர் உரிமை உண்டு. அது பதிப்பு வெளிவந்த ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள் மட்டுமே. 1974 பதிப்புக்கு அது 2024-உடன் முடிந்துவிட்டது. பழைய பக்கங்களை அப்படியே படம்பிடித்து அச்சிட்டாலும் இனித் தடையில்லை.

ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். கோயில் மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் கேட்டு ஒருவர் எழுதிக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை எழுதச் சொன்னவருக்குப் போய்விடும். வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதலாளியே உரிமையாளர். எழுதியவர் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ள நினைத்தால், எழுதும் முன்பே அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பலர் இதைச் செய்வதில்லை.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுத்தில் வடித்ததுமே அது பிறந்துவிடுகிறது. ஆனாலும் வழக்கு வந்தால் யார் எழுதியது என்று காட்ட வேண்டுமே. அதற்காக மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விரும்பினால் அறிவித்துப் பதிந்துவைக்கும் வசதி 2012 முதல் உள்ளது.

இந்தச் சட்டம் காப்பது சொன்ன விதத்தை. சொல்லப்பட்ட கருத்தையோ செய்முறையையோ அல்ல. அதே ஆசிரியர், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்க ஒரு கருவியைக் கண்டுபிடித்து, அதை விளக்கிச் சிறு நூல் எழுதியிருந்தால் என்னாகும்? அவருடைய வாக்கியங்களையும் படங்களையும் நகலெடுக்க முடியாது. ஆனால் நூலைப் படித்துவிட்டு அந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். பதிப்புரிமை அதைத் தடுக்காது.

அதைத் தடுப்பது காப்புரிமை. தமிழில் சிலர் இரண்டுக்கும் இந்தச் சொல்லையே புழங்குவதால் குழப்பம் கூடுகிறது. காப்புரிமை தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், கருவி உலகில் எங்கும் முன்பு வெளிப்படாத புதியதாக இருக்க வேண்டும், அத்துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். அதுவும் ஆண்டுக் கட்டணம் கட்டினால். மலேசியாவில் பெற்றது மலேசியாவில் மட்டுமே செல்லும்.

பலர் சறுக்குவது இங்கேதான். கருவியைச் சந்தையில் காட்டி, செய்தித்தாளில் படமும் போட்டபின் விண்ணப்பிக்க வருவார்கள். அதற்குள் அது புதியதல்ல என்றாகிவிடலாம். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் மலேசியச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. எல்லா நாடுகளும் தருவதில்லை. இருக்கும் கருவியில் சிறு மாற்றம் மட்டும் செய்தவர்களுக்குப் 'பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ்' என்ற இன்னொரு வழி உண்டு. அது முதலில் 10 ஆண்டுகள். பின் இருமுறை ஐந்தைந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம்.