விசிலும் மோரும்: இளைஞர் விளம்பர வாசகங்களில் மொழிக்கலப்பு

தமிழ் விளம்பரங்களின் ஆங்கிலக் கலப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சொற்களை எண்ணுகிறார்கள். ஒரு வாசகத்தில் ஆங்கிலம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இளைஞர் தமிழிலிருந்து விலகுகிறார் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு பிழையானது என்பது என் வாதம். ஒரே ஒரு ஆங்கிலச் சொல் கலந்த இரண்டு வாசகங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே அது தெரியும்.

முதலாவது பெப்சியுடையது. 1998-இல் அனுஜா சவுகான் இந்தியில் எழுதிய ‘யே தில் மாங்கே மோர்’ தமிழில் ‘உள்ளம் கேட்குமே மோர்’ ஆயிற்று. கல்லூரி மாணவர் எவரும் நண்பனிடம் ‘உள்ளம்’ என்று பேசுவதில்லை, ‘மனசு’ என்பார். ‘கேட்குமே’ என்பதும் பேச்சில் ‘கேக்குமே’தான். ஆக, இந்த வாசகம் ஏட்டுத் தமிழையும் ஆங்கிலத்தையும் நேராக ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே இளைஞர் உண்மையில் வாழும் பேச்சுத் தமிழுக்கு அதில் இடமே இல்லை. ‘உள்ளம் கேட்குமே’ என்பதோடு தொடர் முடிந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல் வினைக்குப் பின்னால் தனியே நிற்கிறது. அந்தத் தமிழ்ப் பகுதி மட்டும் 2005-இல் ஜீவா இயக்கிய படத்துக்குத் தலைப்பாகவே நின்றது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினாலோ அது குடிக்கிற மோராகிவிடுகிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டுமே வாசகம் முழுதாய்ப் பொருள் தரும். இங்கே ஆங்கிலம் ஒரு நுழைவுச்சீட்டு.

இரண்டாவது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ‘விசில் போடு’. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபின் ஊரெங்கும் பரவிய வாசகம் இது. இங்கும் ஒரு சொல் ஆங்கிலம், ஆனால் அதன் இருப்பே வேறு. விசில், குக்கரோடும் பேருந்து நடத்துநரோடும் தமிழ் வீட்டுக்குள் வந்துவிட்ட சொல். ஆங்கிலம் ஒரு வார்த்தையும் அறியாத பாட்டியும் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைப்பார். ‘சத்தம் போடு’, ‘ஆட்டம் போடு’, ‘சண்டை போடு’ என்ற வரிசையில் பெயர்ச்சொல்லை முன்னே வைத்து ‘போடு’ என்ற தமிழ் வினையே தொடரைத் தாங்குகிறது. ‘போடுங்க’ என்று சொல்லாமல் ‘போடு’ என்றதில் கூட்டாளியை அழைக்கும் உரிமை இருக்கிறது. ‘சீழ்க்கை அடி’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாது, ஆனால் திரையரங்கம் காணாமல் போய்விடும். விசில், தரை டிக்கெட் ரசிகனின் ஒலி. ‘விசிலடிச்சான் குஞ்சு’ என்று அவனை இகழ்ந்த வழக்கும் நம்மிடம் உண்டு. அந்த இகழ்ச்சிக்குரிய ஒலியை விலை உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவரும் பெருமையோடு எழுப்பும்படி இந்த வாசகம் செய்தது.

எழுத்திலும் இவ்விரண்டும் எதிரெதிர். #WhistlePodu என்று சமூக ஊடகங்களில் எழுதும்போது தமிழ் வினை ஆங்கில எழுத்தேறி வெளியூர் போகிறது. தமிழறியாத ரசிகரும் இந்த அணியைச் சேர்ந்தவர் என்று காட்ட ‘போடு’ என்ற சொல்லைக் கற்கிறார். இங்கே நுழைவுச்சீட்டு தமிழ்.

கான்ஸ்டன்டைன் நகாசிஸ் தமிழகக் கல்லூரி மாணவரிடையே ஆய்வு செய்து 2016-இல் வெளியிட்ட நூல் இதை விளங்கிக்கொள்ள உதவுகிறது. மாணவர்க்கு ஆங்கிலம் ‘ஸ்டைல்’. அளவு மீறினால் அதுவே ‘பீட்டர் விடுவது’, ‘ஓவர் ஸ்டைல்’ என்ற கேலிக்கு ஆளாகும். நண்பர் வட்டத்தில் தனித்துத் தெரியவும் வேண்டும், வட்டத்தை விட்டு உயர்ந்துவிட்டதாகத் தோன்றவும் கூடாது. இந்த இழுபறிக்கு ‘விசில் போடு’ எளிதாக விடை தருகிறது; அதைச் சொன்னதற்காக யாரும் யாரையும் பீட்டர் என்று அழைக்க முடியாது. பெப்சி வாசகமோ அந்தக் கேலியின் எல்லையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தை எவ்வளவு கலந்தார் என்பதைவிட, கலந்ததை யார் முன்னிலையில் கூச்சமின்றிச் சொல்ல முடிகிறது என்பதே அடையாளத்தைக் காட்டுகிறது.

ஆனால் இந்த உள்ளூர் அடையாளம் எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ரேடியோ மிர்ச்சியின் ‘செம ஹாட்டு மச்சி’யில் ஆங்கிலச் சொல் உகரம் பெற்றுத் தமிழ் நாக்குக்குப் பழகிவிட்டது; ஆனால் அழைப்புச் சொல்லான ‘மச்சி’ ஆண் நண்பர் வட்டத்தில் பிறந்தது. பெண்கள் இன்று தமக்குள் அதைப் பயன்படுத்துகிறார்கள். விசிலும் நெடுங்காலம் ஆண்களின் ஒலியாகவே இருந்தது; பெண் அடித்தால் வீட்டில் திட்டு விழும். மொழிக்கலப்பை ஆங்கிலம் எதிர் தமிழ் என்று மட்டும் பார்க்கும் ஆய்வு இந்தப் பாலின வேலியைக் காணாது. எனவே இத்துறையில் தரவு திரட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள்: வாசகத்தோடு சேர்த்து, அதை யார் யாரிடம் எங்கே சொன்னார், யார் சொல்லத் தயங்கினார் என்பதையும் பதிவு செய்யுங்கள்.