கடவுச்சீட்டில் ஏறிய உயரம்

1915-ஆம் ஆண்டில் பிரிட்டன் வெளியிட்ட கடவுச்சீட்டில் நிழற்படத்தோடு நெற்றி, கண், மூக்கு, உயரம் முதலிய அங்க அடையாளங்களும் இடம்பெற்றன. ஆயின், அவ்வுயரத்தை எவரும் கோல்வைத்து அளக்கவில்லை. விண்ணப்பதாரர் எழுதித் தந்ததே ஏட்டில் ஏறியது.

அளக்கும் வழி அறியாமையால் அன்று. பாரிஸ் காவல்துறையில் எழுத்தராயிருந்த அல்போன்ஸ் பெர்த்தியோன், 1880-களிலேயே கைதிகளை வெறுங்காலோடு நிறுத்தி நுட்பமாக அளந்து அட்டையில் பதிந்தார். கைதி பொய்யுரைப்பான் என்பதே அம்முறைக்கு அடிப்படை. கடவுச்சீட்டு கேட்பவரோ கண்ணியவான். அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்வது யார்?

ஐந்தடி ஏழரை அங்குல உயரமுள்ள ஒருவரைக் கொள்வோம். அரை அங்குலத்தைக் கீழே விட மனம் வருமா? ‘ஐந்தடி எட்டு’ என்றே எழுதுவார். அதனை மெட்ரிக் அளவுக்கு மாற்றினால் 172.7 சென்டிமீட்டர், முழு எண்ணாக்கினால் 173. உண்மை உயரமோ 171.5தான். முப்பதாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போதும் பழைய எண்ணையே எழுதுவார். அதற்குள் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்ந்து, உடல் மேலும் குறுகியிருக்கும். பிழை இவ்வாறு ஒரே திசையில் சேர்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்துக்கு இன்றும் வாய்ச்சொல்லே அளவுகோல். இத்தகைய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆறடி என்னும் முழு எண்ணில் ஆட்கள் குவிந்திருப்பர். அதற்கு ஓரங்குலம் குறைந்தவர் இயல்புக்கு மாறாக அருகியிருப்பர்.

1988-இல் வந்த பிரிட்டனின் செந்நிறக் கடவுச்சீட்டில் உயரத்துக்கு இடமில்லாமற் போயிற்று.