சுட்டியும் மறதியும்: தேடற்கருவிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றின் இறுதியில் இடம்பெறும் சொல்லடைவை ஓர் உதவிக் கருவியாகவே நாம் பெரும்பாலும் கருதிவந்துள்ளோம். நூலின் கருத்து வேறு, அடைவு வேறு என்பது நமது எண்ணம். ஆயினும் அடைவை அமைப்பவர், எந்த வினாக்களுக்கு விடை கிடைக்கும், எவற்றுக்குக் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றார். நூல்களும் நிலப்படங்களும் கணனிக்குள் புகுந்துள்ள இக்காலத்தில் இவ்வுண்மை மேலும் அழுத்தம் பெறுகின்றது. கணனித் தரவுத்தளங்களில் இன்று வழங்கும் மூன்று வகைச் சுட்டிகளின் தோற்றத்தை நோக்கி, அவை ஒவ்வொன்றும் எதனை நினைவிற் கொள்கின்றது, எதனை மறக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, பி-மரம் எனப்படுவது. 1970ஆம் ஆண்டு போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ருடொல்ப் பாயர், எட்வேட் மக்கிரைட் ஆகிய இருவரும் இதனை வகுத்தனர். 'பி' என்ற எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பதை அவர்கள் விளக்கவில்லை. அவர்கள் எதிர்நோக்கிய சிக்கல் முற்றிலும் நடைமுறை சார்ந்தது. காந்தத் தட்டிலிருந்து ஒரு பக்கத்தை வாசிப்பதற்குச் செல்லும் நேரம், அப்பக்கத்திலுள்ள விடயங்களை ஒப்புநோக்கச் செல்லும் நேரத்தினும் மிகப் பெரிது. எனவே வாசிக்கவேண்டிய பக்கங்களைக் குறைப்பதே வழி. ஒவ்வொரு பக்கத்திலும் பல திறவுச்சொற்களை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த சொற்களுக்கு இடைப்பட்டவை எந்தப் பக்கத்தில் உள்ளன என்பதையும் குறித்துவிட்டால், பக்கம் ஒவ்வொன்றும் பல கிளைகளாகப் பிரியும். ஒரு பக்கத்துக்கு 200 கிளைகள் எனக் கொண்டால், மூன்றே படிகளில் 80 இலட்சம் இடங்களைச் சென்றடையலாம். புதிய சொல் வந்து பக்கம் நிரம்பினால் அது இரண்டாகப் பிளந்து, நடுச்சொல் மேலே செல்லும். இதனால் மரத்தின் எல்லாக் கிளைகளும் எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்கும். எந்தத் தேடலும் இத்தனை பக்கங்களுக்கு மேற்போகாது என்ற உத்தரவாதம் இதனாற் கிடைக்கின்றது.

இவ்வமைப்பு ஓர் அடிப்படை எடுகோளின்மீது எழுப்பப்பட்டது. எல்லாப் பொருள்களையும் ஒற்றைக் கோட்டில், முன்பின் என வரிசைப்படுத்தலாம் என்பதே அது. ஆண்டு, பெயர், விலை ஆகியன இவ்வரிசைக்கு இயல்பாகவே இணங்குவன. இடம் அவ்வாறானதன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பக்கத்துக்கு 1,000 அலகு கொண்ட சதுர நிலப்பரப்பில் பத்து இலட்சம் கிணறுகள் சீராகப் பரவியுள்ளன எனக் கொள்வோம். அதிற் பத்துக்குப் பத்து அலகுள்ள சிறு கட்டத்தினுள் அமைந்த கிணறுகள் நமக்கு வேண்டும். அவை ஏறத்தாழ 100. கிழக்கு மேற்கு அளவைக் கொண்டு பி-மரம் அமைத்தால், அது பத்து அலகு அகலமுள்ள நீண்ட பட்டையொன்றையே தரும். அப்பட்டையில் 10,000 கிணறுகள் உள்ளன. 9,900ஐ வாசித்துவிட்டு எறியவேண்டும். வடக்குத் தெற்கு அளவை இரண்டாவது திறவாகச் சேர்த்தாலும் பெரும்பயன் விளையாது. முதல் அளவு சரிசமமாக உள்ளவற்றுக்குள் மட்டுமே இரண்டாம் அளவின் வரிசை செல்லுபடியாகும். தளத்தில் அயலயலாக உள்ளவை கோட்டில் தொலைவாகிவிடுகின்றன. இது பி-மரத்தின் குறையன்று. கேட்கப்படும் வினாவின் இயல்பு மாறியதன் விளைவு.

இவ்வினா கூர்மை பெற்ற களங்களுள் ஒன்று மின்னணுச் சில்லு வடிவமைப்பாகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த அன்ரனின் குட்மன் 1984இல் ஆர்-மரத்தை வெளியிட்டபோது, தம் சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் ஒரு சில்லின் வரைபடத்திலிருந்த செவ்வகங்களையே. அவர் பி-மரத்தின் பக்கங்களையும் பிளவையும் சம ஆழத்தையும் பேணிக்கொண்டார். வரிசையை மட்டும் கைவிட்டார். ஒவ்வொரு பொருளும் தன்னை அடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தால் குறிக்கப்படும். அயலிலுள்ள செவ்வகங்கள் ஒரு பக்கத்திற் சேர, அப்பக்கம் முழுவதையும் அடக்கும் பெரிய செவ்வகம் மேற்படியில் எழுதப்படும். தேடும்போது, நமது கட்டத்தைத் தொடும் செவ்வகங்களுக்குள் மட்டும் இறங்கினாற் போதும்.

வரிசையைக் கைவிட்டமைக்கு ஒரு விலை உண்டு. பி-மரத்தில் ஒரு சொல்லுக்குச் செல்லும் பாதை ஒன்றே. ஆர்-மரத்திலோ செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். படிந்த இடத்தை நாம் தேடினால் இரு கிளைகளுக்குள்ளும் இறங்கவேண்டும். எனவே பழைய உத்தரவாதம் இங்கில்லை. நிரம்பிய பக்கத்தை எவ்வாறு பிளப்பது என்பதே முழுப் பிரச்சினையும் ஆகின்றது. குட்மன் இதற்கு மூன்று முறைகளை ஒப்பிட்டார். 1990இல் ஜேர்மனியின் பிறேமன் பல்கலைக்கழக ஆய்வாளர், பரப்பை மட்டுமன்றிப் படிவையும் சுற்றளவையும் கருத்திற்கொண்டு திருத்திய வடிவமொன்றை முன்வைத்தனர். நோயை இனங்காண்பதும் கடினமன்று. நூறு விடைகள் ஓரிரு பக்கங்களில் அடங்கவேண்டியிருக்க, நாற்பது பக்கங்கள் வாசிக்கப்பட்டிருந்தால் செவ்வகங்கள் மிகுதியாகப் படிந்துள்ளன என்பது பொருள். மூலைவாட்டில் நீண்டு செல்லும் பாதைகள் இத்தகைய படிவுக்குப் பெரிதும் காரணமாகின்றன.

ஆர்-மரம் மறப்பது பொருளின் உருவத்தை. வளைந்து செல்லும் ஆற்றின் செவ்வகத்தினுள், ஆற்றுக்குத் தொலைவிலுள்ள வீடும் அகப்பட்டுவிடும். ஆனால் இம்மறதி ஆபத்தானதன்று. சுட்டி மிகையாகத் தருகின்றது. அடுத்த படியில் உண்மையான உருவத்தோடு ஒப்பிட்டு வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். ஆற்றுக்குள் உள்ள எதுவும் அதன் செவ்வகத்துக்கு வெளியே இருக்க இயலாது. ஆகவே பிழை நம் கண்முன்னே வருகின்றது; நாம் அதனைக் களைகின்றோம். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மூன்றாவது வகைக்குச் செல்வோம்.

உரைநடைத் தொகுதியொன்றின்மீது பி-மரம் அமைத்தால், அது ஒவ்வோர் உரையையும் அதன் தொடக்க எழுத்துக்களைக் கொண்டே வரிசைப்படுத்தும். நடுவிலுள்ள சொல்லைத் தேட அது உதவாது. தலைகீழ்ச் சுட்டி இவ்வுறவைப் புரட்டுகின்றது. உரையிலிருந்து சொல்லுக்குச் செல்லாமல், சொல்லிலிருந்து அது வரும் உரைகளின் எண்களுக்குச் செல்கின்றது. 'நிலம்' 3, 8, 21ஆம் உரைகளிலும், 'குத்தகை' 8, 15, 21ஆம் உரைகளிலும் வருமாயின், இரண்டும் சேர்ந்து வருவன 8, 21 என்பது இரு பட்டியல்களையும் ஒப்பிட்ட உடனே தெரியும். சொற்களின் பட்டியல் மட்டும் பல தரவுத்தளங்களில் இன்றும் பி-மரமாகவே வைக்கப்படுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இம்மூன்றனுள் கணனிக்கு நெடுங்காலம் முற்பட்டது இதுவே. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பாரிசிலிருந்த தொமினிக்கன் துறவிகள், செய்ன்ற்-ஷேரைச் சேர்ந்த ஹியூ என்பாரின் தலைமையில் இலத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு தயாரித்தனர். ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழாகப் பகுத்து, அப்பகுதிகளுக்கு எழுத்துக்களை இட்டு, சொல் வரும் இடத்தைச் சுட்டினர். மறையுரை ஆற்றுவோருக்கு வேண்டியவை பெயரும் வினையுமே. ஆகவே உருபு ஏலாத சிறு சொற்கள் விடுபட்டன. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் பாசெல் திருச்சபைப் பேரவைக் காலத்து வாதங்களில், அத்தகைய சிறு சொற்களின் பொருளே பூசலுக்கு உரியதாயிற்று. ரகூசாவைச் சேர்ந்த ஜோன் என்பாரின் முயற்சியால் அவற்றுக்கெனத் தனி அடைவு தொகுக்க நேர்ந்தது.

அதே அனுபவம் 20ஆம் நூற்றாண்டிலும் மீண்டது. இத்தாலிய யேசுசபைத் துறவி ரொபேர்த்தோ பூசா, தோமஸ் அக்குவைனாசின் நூல்களில் 'பிரசன்னம்' எனும் கருத்தை ஆராயப் புகுந்தபோது, அது பெரிய கலைச்சொற்களிலன்றி 'இன்' என்னும் இலத்தீன் முன்னிடைச்சொல்லிலேயே பொதிந்துள்ளது எனக் கண்டார். அச்சொல் வரும் வாக்கியங்களை 10,000 அட்டைகளிற் கையால் எழுதினார். 1949இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவரைச் சந்தித்து, துளை அட்டைப் பொறிகளைப் பெற்றார். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட அவ்வடைவு 1980இல் அச்சில் நிறைவெய்தியது. மிலான் நகருக்கு அண்மையிலுள்ள கல்லராத்தேயில் அட்டைகளைத் துளையிட்டவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். தாம் பொறித்த மொழியை அறியாதவர்கள். தேடுபவர் ஒரு நொடியிற் பெறும் விடையில் அவர்களது பல்லாண்டு உழைப்பு உறைந்துள்ளது. ஆயினும் நெடுங்காலம் அவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. சொற்களை மறவாதிருக்க எழுந்த சுட்டி, தன்னை ஆக்கியவர்களை மறந்துவிட்டது.

இன்றைய தேடற்பொறிகளின் வழமையான அமைப்புக்களிற் பல, ஆங்கிலத்தின் 'இன்' போன்ற சொற்களை 'நிறுத்தச் சொற்கள்' எனத் தள்ளிவிடுகின்றன. அவை எல்லா உரைகளிலும் வருவதால் பட்டியல் வீணே நீளும் என்பது காரணம். அவ்வகைச் சுட்டியொன்றில் பூசாவின் வினாவைக் கேட்டால் விடையே கிடைக்காது.

தமிழில் இப்பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. 'மரம்' என்ற சொல் மரத்தை, மரங்கள் என உருமாறுகின்றது. 'மர' என்ற தொடக்கத்தைக் கொண்டு பி-மர வரிசையில் தேடினால் மரபும் மரணமும் மரக்கறியும் கூடவே வரும், பலாமரம் வராது. எனவே சொல்லின் ஈற்றை நீக்கி அடியை மட்டும் சுட்டியில் இடும் முறை கையாளப்படுகின்றது. 2019இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு, தமிழுக்கான இத்தகைய பிரிப்பு விதிகளைச் சேர்த்துக்கொண்டது. அவ்விதிகள் வேற்றுமையுருபுகளோடு 'உம்', 'ஏ', 'ஓ' ஆகிய ஈறுகளையும் நீக்க முற்படுகின்றன. சாதாரணத் தேடலுக்கு இது பெரும் வசதியே. ஆனால் தொல்காப்பியம் இடைச்சொல்லுக்கென இடையியல் என்ற தனி இயலையே வகுத்தது. 'அவன்', 'அவனும்', 'அவனே' ஆகியன ஒன்றல்ல என்பதே அதன் அடிப்படை. அடிச்சொற் சுட்டியிலோ இம்மூன்றும் ஒன்றாகிவிடும் நிலை தோன்றுகின்றது. உம்மையின் வரலாற்றை ஆராயவிரும்புபவருக்கு அச்சுட்டியில் எதுவும் அகப்படாது.

இங்குதான் இருவகை மறதிகளின் வேறுபாடு புலப்படுகின்றது. ஆர்-மரத்தின் மறதி மிகையை விளைவிக்கின்றது. மிகை கண்ணுக்குத் தெரியும். சொல்லைத் தள்ளிவிடும் தலைகீழ்ச் சுட்டியின் மறதி இன்மையை விளைவிக்கின்றது. இன்மை கண்ணுக்குத் தெரியாது. 'தொகுதியில் இச்சொல் இல்லை' என்பதும் 'சுட்டியில் இச்சொல் இடப்படவில்லை' என்பதும் திரையில் ஒரே வெறுமையாகவே தோன்றும். இதனைப் பரிசோதிக்க எளிய வழி, தொகுதியிற் சில பக்கங்களை நாமே வாசித்து, அங்கு கண்ட சொற்களைப் பின்னர் சுட்டியிற் கேட்பதாகும். பரிகாரமும் உண்டு. அடிச்சொற்களுக்கு ஒன்றும் சொல்லின் முழு வடிவத்துக்கு ஒன்றுமாக இரு சுட்டிகளை அமைக்கலாம். சேமிப்பிடம் பெருகும், புதிய உரையைச் சேர்க்கும்போது திருத்தவேண்டிய பட்டியல்களும் பெருகும். அச்செலவை ஏற்பதா என்பது தொழில்நுட்பர் தனித்து முடிவுசெய்யவேண்டியதன்று. எண்ணிமமாக்கப்படும் நமது நூற்றொகுதிகளின் சுட்டிகள் வகுக்கப்படும் வேளையிலேயே, எச்சொற்கள் தள்ளப்படுகின்றன, எவ்வீறுகள் வெட்டப்படுகின்றன என்ற பட்டியலை மொழியாராய்ச்சியாளர் கேட்டுப் பெறுதல் வேண்டும்.