3 கிலோ ஸ்டெப் கேக்... 3,600 ரூபாயா, 4,125 ரூபாயா? பில்லை எப்படிப் படிப்பது?

குழந்தையோட முதல் பிறந்தநாள். சென்னையில் வீட்டு மொட்டை மாடியில் விழா, 35 பேர் வர்றாங்க. இரண்டு ஹோம் பேக்கர்களிடம் ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை கேட்கிறீங்க. கீழே பட்டர்ஸ்காட்ச், மேலே சாக்லேட், உச்சியில் குழந்தை பெயர் போட்ட டாப்பர், மொத்தம் 3 கிலோ. ஒருத்தர் 3,600 ரூபாய்னு சொல்றார். இன்னொருத்தர் 4,125 ரூபாய்னு சொல்றார். யாரிடம் ஆர்டர் கொடுப்பீங்க?

பெரும்பாலானவங்க 3,600 ரூபாய் பக்கம்தான் சாய்வாங்க. ஆனா விழா முடிஞ்சு கணக்குப் பார்த்தா, அந்த கேக்குக்கு 4,600 ரூபாய் செலவாகியிருக்கலாம். யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கும். ஸ்டெப் கேக்கின் விலை ஒரே எண் கிடையாது. எடை, அடுக்கு, டாப்பர், டெலிவரி தூரம்னு நாலு தனித்தனி கட்டணங்கள் சேர்ந்ததுதான் அந்த விலை. ஒவ்வொன்றும் எதுக்காக வாங்கப்படுதுன்னு தெரிஞ்சா, எது விட்டுப்போச்சு, எது இரண்டு முறை சேர்ந்திருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

இங்கே வரும் ரேட்டுகள் கணக்கு புரியறதுக்கான உதாரணங்கள்தான். உங்க ஊரில், உங்க பேக்கரிடம் அவை மாறும். கணக்கு போடும் முறை மாறாது.

எடை: எதையெல்லாம் தராசில் வைக்கிறாங்க?

கிலோ ரேட் என்பது சாப்பிடும் பொருளுக்கான விலை. ஸ்பாஞ்ச், கிரீம், உள்ளே வைக்கும் ஃபில்லிங் எல்லாம் இதில் அடக்கம். கேக் வைக்கும் அட்டை, உள்ளே செருகும் குச்சிகள், அக்ரிலிக் டாப்பர் எதுவும் இந்த எடையில் வரக் கூடாது.

அதனால அடுக்குகளை ஒன்றன் மேல் ஒன்று வைப்பதற்கு முன்னாடியே, ஒவ்வொன்றையும் தனியா தராசில் வெச்சு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அட்டையின் எடையைக் கழிச்சுக்கலாம். ஒருமுறை அடுக்கிட்டா, அப்புறம் எடையைச் சரிபார்க்க வழியில்லை.

தராசு போட்டோ கிடைக்கலைன்னா அளவை வெச்சு ஓரளவு கணிக்கலாம். வட்டமான, 4 இன்ச் உயரமுள்ள 6 இன்ச் கிரீம் கேக் சுமார் 1 கிலோ வரும். அதே உயரத்தில் 8 இன்ச் கேக் கிட்டத்தட்ட 1¾ கிலோ. கொஞ்சம் உயரமாகப் போட்டா 2 கிலோவைத் தொடும். இரண்டே இன்ச் அகலத்துக்கு முக்கால் கிலோ எப்படிக் கூடுதுன்னு தோணலாம். வட்டம் எல்லாப் பக்கமும் சேர்ந்து விரியுது, அதனால்தான். 3 கிலோ ஸ்டெப் கேக்னா பெரும்பாலும் 8 இன்ச் மேல 6 இன்ச் என்று வருவதும் இந்தக் கணக்கில்தான்.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கு. இரண்டு அடுக்கும் வேற வேற ஃப்ளேவர்னா எந்த ரேட்? பட்டர்ஸ்காட்ச் கிலோ 900 ரூபாய், சாக்லேட் 1,100 ரூபாய்னு வெச்சுக்கலாம். அடுக்கு வாரியா கணக்குப் போட்டா, 2 கிலோ பட்டர்ஸ்காட்ச் 1,800, 1 கிலோ சாக்லேட் 1,100, மொத்தம் 2,900 ரூபாய். ஆனா சிலர் அதிக விலை ஃப்ளேவரின் ரேட்டையே மொத்தத்துக்கும் போடுவாங்க. அப்போ 3,300 ரூபாய். வித்தியாசம் 400 ரூபாய். இது தப்புன்னு சொல்ல முடியாது, அவங்க வழக்கம் அது. ஆனா கேட்காம விட்டா உங்களுக்குத் தெரியாது.

அடுக்கு வேற, லேயர் வேற

பில்லில் அதிகம் குழப்பம் வர்ற இடம் இதுதான். 'எக்ஸ்ட்ரா லேயர்'னு எழுதியிருந்தா, அது இரண்டில் எதுன்னு முதலில் கேட்கணும்.

ஒரே கேக்குக்குள்ள ஸ்பாஞ்ச், கிரீம், ஸ்பாஞ்ச்னு மாறி மாறி வருதே, அதுதான் லேயர். 3 லேயரை 4 ஆக்கினா கேக் உயரமாகும், எடையும் கூடும். அந்தக் கூடுதல் எடைக்கு கிலோ ரேட்டில் ஏற்கெனவே பணம் கொடுத்துடுறீங்க. எடை கூடாம, அதே ஸ்பாஞ்சை மெல்லிசா வெட்டி 4 லேயர் ஆக்கினா பொருள் எதுவும் கூடலை. இரண்டு விதத்திலும் லேயருக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தா, காரணம் கேட்கலாம். விலை அதிகமான ஃபில்லிங் ஒன்றை அந்த லேயரில் வைக்கிறாங்கன்னா மட்டும் அது நியாயமான கட்டணம்.

அடுக்கு என்பது ஒரு முழு கேக் மேல இன்னொரு முழு கேக்கை உட்கார வைக்கிறது. இதுக்குத் தனிக் கட்டணம் கேட்பதில் நியாயம் இருக்கு. மேல் கேக்கின் ஒரு கிலோ பாரத்தை கீழே உள்ள மெத்தென்ற கிரீம் கேக் தாங்காது. அதனால கீழ் கேக்குக்குள்ள, அதன் உயரத்துக்குச் சரியா வெட்டின குச்சிகளையோ தடிமனான ஸ்ட்ராக்களையோ செங்குத்தாகச் செருகுவாங்க. மேல் கேக்குக்கு அடியில் ஒரு அட்டை இருக்கும். பாரம் அட்டை வழியா குச்சிக்கு இறங்கி, அப்படியே அடிப்பலகைக்குப் போயிடும். கீழ் கேக் எதையும் சுமக்காது. இந்தச் சாமான்களும், ஃப்ரிட்ஜில் வெச்சு இறுக்கி அடுக்குற நேரமும்தான் அடுக்குக் கட்டணம். நம்ம உதாரணத்தில் 500 ரூபாய்னு வெச்சுக்கலாம்.

இந்தக் கட்டணமே இல்லாத விலை வந்தா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி, உள்ளே குச்சி வைக்கிறீங்களான்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க. குச்சி இல்லாத கேக்கில் முதலில் கீழ் அடுக்கின் பக்கங்கள் வயிறு மாதிரி வெளியே பிதுங்கும். அப்புறம் மேல் அடுக்கு ஒரு பக்கமா சாயும். சென்னை வெயிலில் கிரீம் இளகும்போது இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மூணாவது அடுக்கு வேணும்னா, அது மேலே வருதா, கீழே வருதான்னு பாருங்க. மேலே 4 இன்ச் கேக் சேர்த்தா சுமார் அரை கிலோதான் கூடும். கீழே 10 இன்ச் கேக் சேர்த்தா ஏறக்குறைய 3 கிலோ, அதாவது கேக்கே இரண்டு மடங்காயிடும். உயரம் மட்டும் வேணும்னா, தெர்மகோல் மேல கிரீம் பூசின டம்மி அடுக்கு போடலாம். ஆனா அதுக்கு கிலோ ரேட் போடக் கூடாது. கிரீமுக்கும் அலங்கார வேலைக்கும் ஒரு மொத்தத் தொகை பேசிக்கணும்.

டாப்பர்: திரும்ப வாங்காத பொருள்

பெயர் போட்ட அக்ரிலிக் டாப்பரை பேக்கரே செய்யறது குறைவு. லேசர் கட்டிங் செய்யறவங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குவாங்க. அதனால அதுக்கு இரண்டு மூணு நாள் முன்கூட்டியே சொல்லணும். வெட்டின பிறகு கேன்சல் பண்ணினா பணம் திரும்பாது. 'ஹரிணி'க்கு ஒரு சுழி, 'ஹரினி'க்கு வேற சுழி. பெயரை வாய்ஸ் மெசேஜில் சொல்லாம, எழுத்தில் அனுப்புங்க. நம்ம கணக்குக்கு டாப்பர் 300 ரூபாய்.

ஃபாண்டன்ட்டில் செய்யும் கரடி, யானை பொம்மைகள் வேற கதை. சர்க்கரை மாவில் கையால் பிடிச்சு, சில நாள் காயவிட்டு எடுக்கணும். அதில் விலை முழுக்க வேலைக்குத்தான். இங்கே ஒரு இரட்டைக் கணக்கு நுழையலாம். பொம்மைக்குத் தனியா 600 ரூபாய் வாங்கிட்டு, அதன் 200 கிராமையும் கேக் எடையில் சேர்த்தா, ஒரே பொம்மைக்கு இரண்டு முறை பணம் கொடுக்குறீங்க. பொம்மை வைக்கிறதுக்கு முன்னாடி எடை போடச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டெலிவரி: கிலோமீட்டர் ஒரு வழியா, இரு வழியா?

பேக்கர் வீட்டிலிருந்து உங்க வீடு மேப்பில் 14 கிலோமீட்டர். முதல் பேக்கரின் கணக்கு: முதல் 5 கிலோமீட்டருக்கு 200 ரூபாய், அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 25 ரூபாய். மீதி 9 கிலோமீட்டருக்கு 225. மொத்தம் 425 ரூபாய்.

இரண்டாவது பேக்கர் 'கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அவ்வளவுதான்'னு சொல்றார். கேட்க மலிவா இருக்கு. ஆனா அவர் வண்டி திரும்பி வரணுமே! போக வர 28 கிலோமீட்டர், 700 ரூபாய். ரேட் ஒன்றுதான், எதை எண்ணுறாங்க என்பதுதான் வேற.

பைக்கில் அனுப்பினா செலவு குறையும்னு தோணும். ஆனா அடுக்கின கேக்குக்கு பைக் சரிப்படாது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் போதும். காரில், ஏசி போட்டு, சாயாத தட்டையான இடத்தில் வெச்சுத்தான் கொண்டு வரணும். நீங்களே போய் எடுத்துக்கிட்டா டெலிவரி கட்டணம் மிச்சம்தான். ஆனா கேக் கை மாறின பிறகு வழியில் சேதமானா, பொதுவா பேக்கர் பொறுப்பேற்க மாட்டார். நடுவில் வாடகை பைக் ஆளிடம் கொடுத்தனுப்பினா, யார் பொறுப்புன்னே தெரியாம போயிடும். இதையும் ஆர்டருக்கு முன்னாடியே பேசிக்கணும்.

இப்போ இரண்டு பில்லையும் பக்கத்தில் வைப்போம்

முதல் பேக்கர்: கேக் 2,900, அடுக்கு 500, டாப்பர் 300, டெலிவரி 425. மொத்தம் 4,125. அவர் சொன்னது முழு விலை.

இரண்டாவது பேக்கர்: கேக் 3,300, அடுக்கு 300. இதுவரைக்கும்தான் 3,600. 'டாப்பரும் டெலிவரியும் எக்ஸ்ட்ரா' என்பது அடுத்த மெசேஜில் வந்திருக்கும். டாப்பர் 300, டெலிவரி 700 சேர்த்தா 4,600. மலிவாகத் தெரிஞ்சது 475 ரூபாய் அதிகம்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கும் கடையில் இதுக்கு மேல வரி வரலாம். கேக்குக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமா குறைஞ்சிருக்கு. பதிவு இல்லாத பேக்கர் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது.

35 பேருக்கு 3 கிலோ போதுமா? ஒருத்தருக்கு 80 கிராம் துண்டுன்னா 2.8 கிலோ, போதும். இதுவே 80 பேர்னா மூணாவது அடுக்குக்குப் போக வேண்டியதில்லை. மேடைக்கு இதே 3 கிலோ ஸ்டெப் கேக்கை வெச்சுக்கிட்டு, அலங்காரம் இல்லாத சாதா கேக் 4 கிலோவை உள்ளே வெட்டிப் பரிமாறலாம். அதுக்கு கிலோ ரேட் மட்டும்தான். அடுக்குக் கட்டணமும் இல்லை, டாப்பரும் இல்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் அனுப்ப ஒரு மெசேஜ்

"8 இன்ச் பட்டர்ஸ்காட்ச் 2 கிலோ, 6 இன்ச் சாக்லேட் 1 கிலோ. ஒவ்வொரு அடுக்குக்கும் கிலோ ரேட் எவ்வளவு? அடுக்குக் கட்டணம், டாப்பர், 14 கிலோமீட்டர் கார் டெலிவரி தனித்தனியா சொல்லுங்க. கிலோமீட்டர் ஒரு வழியா, இரு வழியா? அடுக்குறதுக்கு முன்னாடி எடை போட்டோ அனுப்புவீங்களா? எடை குறைஞ்சா பணம் கழிப்பீங்களா?"

இதே மெசேஜை இரண்டு பேக்கர்களுக்கும் அனுப்புங்க. பதில் எண்கள் வந்ததும் கூட்டிப் பார்த்துட்டு, அப்புறம் அட்வான்ஸ் போடுங்க.