ரயிலில் பிறந்த கைமாற்றம்

ஓடும் ரயிலில் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்பு அறுந்து போவது நமக்கெல்லாம் பழகிப்போன தொல்லை. ஆனால், ஒரு டவரின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்கு அழைப்பைக் கைமாற்றும் கலை மக்கள் கைக்கு முதலில் வந்ததே ஒரு ரயிலில்தான்.

1946இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார்களுக்கான தொலைபேசிச் சேவை தொடங்கியது. உயரமான ஒரே ஆண்டெனா ஊர் முழுவதற்கும் ஒலிபரப்பியது. அலைவரிசைகள் கொஞ்சம்தான் என்பதால் ஒரே நேரத்தில் மிகச் சிலரே பேச முடிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பு எழுதினார். ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சக்தி குறைந்த ஒரு நிலையம் வைத்தால், தள்ளியிருக்கும் வட்டாரங்களில் அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். வட்டாரங்களை அறுகோணமாக அமைக்கும் யோசனை அவருடன் பணியாற்றிய ரே யங்குடையது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. வண்டி வட்டாரத்தின் எல்லையைத் தாண்டினால், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அதை வேறு நிலையத்துக்கும் வேறு அலைவரிசைக்கும் மாற்றியாக வேண்டும்.

அந்தக் குறிப்பு இருபது ஆண்டுக்கு மேல் தாளிலேயே இருந்தது. 1969 ஜனவரியில் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய மெட்ரோலைனர் ரயிலில் பெல் நிறுவனம் கட்டணத் தொலைபேசிகளை வைத்தது. சுமார் 360 கிலோமீட்டர் பாதை ஒன்பது மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. 450 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஆறே அலைவரிசைகள். அவையே மண்டலம் மாறி மாறித் திரும்பப் பயன்பட்டன. ஃபிலடெல்ஃபியாவில் இருந்த கணினிக் கட்டுப்பாட்டு மையம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டது. மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய ரயிலிலிருந்து மக்கள் வீட்டுக்குப் பேசினார்கள்.

அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வசதிகள் இருந்தன. மண்டலம் சராசரியாக 40 கிலோமீட்டர் நீளம். அந்த வேகத்தில்கூட ஒரு மண்டலத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆகும். அதோடு, தண்டவாளம் ஒரே கோடு. அடுத்த மண்டலம் எது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

கார் அப்படியல்ல, எந்தத் தெருவிலும் திரும்பும். ஆறு பக்கத்தில் எந்தப் பக்கம் போனாலும் பேச்சைத் தொடர்ந்து கொண்டுபோகும் இணைப்பு முறைக்கு, பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் 1970 டிசம்பரில் காப்புரிமை கேட்டார். 1972 மே மாதம் கிடைத்தது. 1983இல் சிகாகோவில் வணிகச் சேவையாக வந்த முறையில், பக்கத்து நிலையங்கள் வண்டியின் சிக்னலை அளந்து சொல்ல, மைய இணைப்பகம் முடிவெடுத்தது. முடிவானதும் பேச்சை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு நிறுத்திவிட்டு, அதே தடத்தில் 'இந்த அலைவரிசைக்கு மாறு' என்ற கட்டளை அனுப்பப்பட்டது.

1991இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஜிஎஸ்எம் முறை அளக்கும் வேலையைக் கைபேசியிடமே கொடுத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசி பக்கத்து டவர்களைக் கேட்டுப் பார்க்கிறது. வலுவான ஆறு டவர்களின் அளவை ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை எழுதி அனுப்புகிறது. முடிவும் கட்டளையும் வலையமைப்பிடமிருந்தே வருகின்றன. அந்தக் கட்டளை, இப்போது பேசிக்கொண்டிருக்கும் பழைய டவர் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். மங்கிக்கொண்டிருப்பதோ அந்த டவர்தான். ரயிலில் அறுந்துபோகும் அழைப்புகளில் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் ரயிலை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 33 மீட்டர். ஓர் அறிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 மீட்டர் ஓடிவிடுகிறது. ஒரே ஓர் அளவை நம்பி டவரை மாற்ற முடியாது. மரமோ எதிர் ரயிலோ மறைத்ததால் ஏற்பட்ட ஒரு நொடித் தளர்ச்சியாக இருக்கலாம். அவசரப்பட்டு மாற்றினால் அழைப்பு இரண்டு டவர்களுக்கும் நடுவே முன்னும் பின்னும் அலையும். அதனால் சில அறிக்கைகளின் சராசரியைப் பார்த்து, புது டவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவாக இருந்தால்தான் மாற்றம் என்று வைத்திருக்கிறார்கள். எட்டு அறிக்கைகளுக்குக் காத்திருந்தால் நான்கு நொடி, அதாவது 130 மீட்டர். நடந்து போகிறவருக்கு இந்தப் பொறுமை நல்லது. ரயில் அந்த 130 மீட்டருக்குள் மேட்டை வெட்டி அமைத்த பள்ளமான பாதைக்குள் நுழைந்துவிட்டால், பழைய டவரின் சிக்னல் சரேலென்று விழுகிறது. அறிக்கை போய்ச் சேராமல் போகலாம். சேர்ந்தாலும் கட்டளை திரும்பி வராது. புது டவர் பக்கத்திலேயே, காலி இடத்தோடு, பளிச்சென்று நின்றாலும் பயனில்லை.

அதற்குப் பின் வருவதுதான் நாம் 'ஹலோ, ஹலோ' என்று கத்தும் மௌனம். பழைய டவரின் செய்தி ஒவ்வொரு முறை தவறும்போதும் கைபேசி ஓர் எண்ணைக் குறைத்துக்கொண்டே வருகிறது. எண் பூஜ்யமானால்தான் தொடர்பு போய்விட்டதென்று முடிவுகட்டும். இருபதிலிருந்து எண்ணத் தொடங்கினால் அதற்குப் பத்து நொடி பிடிக்கும்; ரயில் 300 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அழைப்பு அறுந்த அடுத்த கணமே கைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்பதைப் பார்த்து நாம் எரிச்சல்படுகிறோமே, அது இதனால்தான். அறுந்ததும் கைபேசி தானாகத் தேடிக் கண்டுபிடிப்பது, கட்டளை மட்டும் வந்திருந்தால் முன்பே போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய அதே டவரை. கோடுகள் வெகுநேரம் திரும்பாவிட்டால் கதை வேறு; அங்கே டவரே இல்லை என்று பொருள்.

ஏசி பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். உலோக உடலும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் சிக்னலை நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடும். வெளியே தாராளமாகப் படர்ந்திருக்கும் இரண்டு டவர்களின் எல்லைகள் பெட்டிக்குள் சுருங்குகின்றன. கைமாற்றத்துக்குக் கிடைக்கும் தூரமும் சேர்ந்து சுருங்குகிறது. இதில் கூட்டமும் சேர்கிறது. ஒரு ரயிலின் பயணிகள் அத்தனை பேரும் சில நொடிக்குள் ஒரே எல்லையைத் தாண்டுகிறார்கள். வயல்வெளியில் நாள் முழுதும் சும்மா நிற்கும் டவரிடம் ஒரேயடியாகத் தடம் கேட்கும்போது, பிந்திக் கேட்டவரின் அழைப்பு பழைய டவரிலேயே தங்கி மங்கிப்போகும்.

அதிவேகப் பாதைகளில் பொறியாளர்கள் செய்வது, பாதையோரம் நிற்கும் பல ஆண்டெனாக்களைக் கண்ணாடி இழையால் இணைத்து ஒரே வட்டாரமாக இயங்கவைப்பது. அவற்றுக்குள் ரயில் எவ்வளவு ஓடினாலும் கைமாற்றம் தேவைப்படாது. மெட்ரோலைனரின் நீண்ட மண்டலத்தை இப்படித்தான் திரும்பக் கட்டுகிறார்கள். செலவு அதிகம் என்பதால் எல்லாப் பாதைக்கும் இது கட்டுப்படியாகாது.

நான் அதிகம் நம்புவது, 2020இல் ஐந்தாம் தலைமுறைத் தரத்தில் சேர்க்கப்பட்ட ஒரு மாற்றத்தை. பழைய டவர் வலுவாக இருக்கும்போதே, அடுத்து வரக்கூடிய டவர்களில் இடம் பிடித்துவைத்து, 'இன்ன நிலை வந்தால் நீயே மாறிக்கொள்' என்ற கட்டளையைக் கைபேசிக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம். சிக்னல் விழும் நேரத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதற்குக் கைபேசி, வலையமைப்பு இரண்டிலும் அந்த ஏற்பாடு இருக்க வேண்டும். வராமலே போகக்கூடிய அழைப்புகளுக்காகச் சில டவர்கள் இடத்தை ஒதுக்கிக் காத்திருக்கவும் வேண்டும். ரயில் நிறையப் பயணிகள் வரும்போது அந்த ஒதுக்கலைத் தாங்க வயல்வெளி டவருக்கு இப்போதிருப்பதைவிட அதிகத் தடங்கள் தேவைப்படும்.