மணி அடித்தது, நேரம் சொல்லவில்லை

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் உறவினர்கள் பணவிஷயத்தில் என்னிடம் யோசனை கேட்பார்கள். 2006 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து அக்காள் மகன் போன் செய்தான். "மாமா, யீல்டு கர்வ் தலைகீழாகிவிட்டதாம், பங்குகளை விற்றுவிடட்டுமா?" என்றான்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்துக்குப் பத்து வருடத்துக்குக் கடன் கொடுப்பவர் இரண்டு வருடத்துக்குக் கொடுப்பவரைவிட அதிக வட்டி எதிர்பார்ப்பார். நம் ஊர் டெபாசிட் போலத்தான். ஆனால் 2004 ஜூனில் 1 சதவீதமாக இருந்த குறுகியகால வட்டியை அமெரிக்க மத்திய வங்கி படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனது. 2005 டிசம்பர் கடைசியில் இரண்டு வருடப் பத்திரத்தின் வட்டி பத்து வருடப் பத்திரத்தைத் தாண்டியது. இனி பொருளாதாரம் சுணங்கும், வட்டியைக் குறைக்க வேண்டிவரும் என்று பத்திரச் சந்தை நினைக்கிறது என்பதே அதன் பொருள்.

முந்தைய மந்தங்களுக்கு முன்னாலும் இப்படி நடந்திருந்தது. அதனால் "விற்றுவிடு" என்றேன். அவன் 20,000 டாலர் பங்கை விற்றான். எஸ் அண்ட் பி 500 குறியீடு அப்போது 1,280 அருகில் இருந்தது.

பிறகு நடந்ததுதான் பாடம். சந்தை விழவில்லை, ஏறியது. ஒன்றரை வருடம் அவன் வேடிக்கை பார்த்தான். 2007 நடுவில் வளைகோடு நிமிர்ந்து பழையபடி ஆனது. "ஆபத்து போய்விட்டது மாமா" என்று அக்டோபரில் 1,550 அருகில் திரும்ப வாங்கினான். நானும் தடுக்கவில்லை. அந்த மாதம் 9ஆம் தேதிதான் குறியீட்டின் உச்சம், 1,565. டிசம்பரில் மந்தம் தொடங்கியது. 2009 மார்ச் 9 அன்று குறியீடு 676. வட்டி, டிவிடெண்டை விட்டுவிட்டுப் பார்த்தால், அவனுடைய இருபதாயிரம் ஒன்பதாயிரத்துக்கும் கீழே போயிருந்தது. விற்காமலே இருந்திருந்தால் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே நின்றிருக்கும்.

எச்சரிக்கை பொய்யில்லை. ஆனால் வளைகோடு கவிழ்ந்ததற்கும் மந்தம் தொடங்கியதற்கும் இடையே இரண்டு வருடம் இருந்தது. அந்த இடைவெளியில் சந்தை இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியது. வளைகோடு நிமிர்ந்ததை நாங்கள் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டோம். மந்தம் நெருங்கும்போது குறுகியகால வட்டி சரிவதாலும் அது நிமிரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2022 ஜூலையில் மறுபடி கவிழ்ந்து, 2024 செப்டம்பர் வரை இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அந்தக் காலத்தில் மந்தம் வரவில்லை. 2022 அக்டோபரில் 3,577க்கு இறங்கிய குறியீடு, வளைகோடு நிமிர்ந்தபோது 5,500 அருகில் இருந்தது.

அப்போதும் போன் வந்தது. "பணம் எப்போது வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். மகளின் கல்லூரிக்கு இரண்டு வருடத்தில் வேண்டுமென்றான். அந்தத் தொகையை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன். மீதியைத் தொடவில்லை.